மூணாவது ஊசிக்கு அப்புறம்தான் குமட்டல், அப்போ காரணம் ஊசி இல்லைதானே?

கரூர் வாசுகி, 2025 செப்டம்பர் 10

வாரம் ஒரு ஊசி, டிர்செபடைட், 2.5 மி.கி. சுகருக்கும் எடைக்கும் சேர்த்து எழுதிக்கொடுத்தாங்க. ஆகஸ்ட் கடைசில ஆரம்பிச்சேன், ஞாயித்துக்கிழமை காலைல வயித்துல போட்டுக்குறேன். முதல் ஊசிக்கு ஒண்ணுமே இல்ல. பசி மட்டும் கொஞ்சம் குறைஞ்சுது. ரெண்டாவதுக்கும் அப்படித்தான். இந்த ஞாயிறு மூணாவது. திங்கட்கிழமைல இருந்து ஒரே குமட்டல், புளிச்ச ஏப்பம். சாம்பார் தாளிக்கிற வாசனைக்கே வெளில ஓடுறேன்.

என் கணக்கு இது: ஊசிதான் காரணம்னா முதல் தடவையே வந்திருக்கணும். அதே டோஸ்தானே மூணு தடவையும்? அதனால இது வெளிச்சாப்பாட்டு வேலைன்னு நினைக்கிறேன். வீட்டுக்காரர் ஒத்துக்கல. யாராவது போட்டவங்க சொல்லுங்க.

ரவி தஞ்சை, செப்டம்பர் 10

இன்சுலின் வாரத்துக்கு ஒண்ணுன்னு வந்துடுச்சா? எங்கப்பா தினமும் ரெண்டு வேளை குத்திக்கிட்டு இருக்கார். எந்த மெடிக்கல்ல கிடைக்குது?

ஜிம் மணி, செப்டம்பர் 10

ரவி சார், இது இன்சுலின் இல்ல. அப்பாவோட இன்சுலினை நிறுத்திட்டு இதைப் போட்றாதீங்க.

அக்கா, 2.5 எல்லாம் சும்மா பேருக்கு. அதுல எடையும் பெருசா இறங்காது. நான் ஆரம்பிச்சப்ப டாக்டர்கிட்ட சொல்லியே நேரா 5 கேட்டேன், தரமாட்டேன்னுட்டார். காசுதான் வேஸ்ட். சீக்கிரம் 5-க்குப் போயிடுங்க, உடம்பு தன்னால பழகிடும்.

ஓய்வு கம்பவுண்டர், செப்டம்பர் 10

வாசுகிம்மா, உங்க வீட்டுக்காரர் சொல்றதுதான் சரி. டோஸ் ஒண்ணுதான், ஆனா உடம்புல இருக்கிற மருந்து ஒண்ணு இல்ல. இந்த மருந்து உடம்புல பாதியாகக் குறைய சுமார் 5 நாள் ஆகும். ஒரு வாரம் கழிச்சு அடுத்த ஊசி போடும்போது பழையது மூணுல ஒரு பங்குக்கு மேலயே உள்ளே இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்க. முதல் ஞாயிறு 2.5. ரெண்டாவது ஞாயிறு மிச்சமும் புதுசும் சேர்ந்து ஏறக்குறைய 3.4. மூணாவது 3.8. நாலாவது வாரம் 4-ஐத் தொட்டு அங்கேயே நிக்கும். இந்த வாரம் உங்க உடம்புல இருக்கிறது முதல் வாரத்தைவிட ஒண்ணரை மடங்கு.

நாலு வாரம் ஒரே டோஸ்ல இருங்கன்னு சொல்றது இதனாலதான். இதே வகையில இன்னொரு வார ஊசி செமாக்ளூடைட், அது இன்னும் மெதுவானது, பாதியாக ஒரு வாரம் ஆகும். அதுல நாலு வாரத்துல முதல் ஊசியோட இரண்டு மடங்கை நெருங்கிடும். மருந்து ஏறி நிக்குறதுக்கு முன்னாடியே அடுத்த படிக்குப் போனா, எந்த டோஸ் ஒத்துக்கலன்னே தெரியாமப் போயிடும்.

மணி தம்பி சொன்னதுல பாதி உண்மை. 2.5 சுகரைக் கட்டுப்படுத்துறதுக்கான டோஸ் இல்ல, வயிறு பழகுறதுக்கு மட்டும்தான். ஆனா அந்தப் பழக்கம்தான் முக்கியம். வயித்துல இருந்து சாப்பாடு கீழே இறங்குறதை இந்த மருந்து மெதுவாக்கும். அந்தத் தாமதம் முதல் வாரங்கள்லதான் அதிகம், போகப்போகக் குறையும். நேரா 5 போட்டா அந்தக் குறையுற காலமே கிடைக்காது.

வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?

கரூர் வாசுகி, செப்டம்பர் 11

மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை, காலைல ராத்திரி. கிளிமிபிரைடு 2 மி.கி. அப்புறம் வில்டாகிளிப்டின். பிரஷருக்கு ஒண்ணு.

ஓய்வு கம்பவுண்டர், செப்டம்பர் 11

காலைல பத்து பதினோரு மணிக்கு குமட்டலோட வேர்த்துக் கொட்டுதா? கை நடுங்குதா? அப்படி இருந்தா அந்த நேரத்துலயே குளுக்கோமீட்டர்ல பாருங்க. கிளிமிபிரைடு கணையத்தைப் பிழிஞ்சு இன்சுலினை வரவைக்கிற மாத்திரை. சாப்பாடு பாதியாகிட்டா அதுக்கு அது தெரியாது, பழைய அளவுக்கே வேலை பார்க்கும். ஊசி ஆரம்பிக்கும்போதே அந்த டோஸைக் குறைக்கிறது வழக்கம். உங்களுக்கு ஏன் குறைக்கலன்னு கேளுங்க. வில்டாகிளிப்டினும் இந்த ஊசியும் ஒரே பாதையில வேலை பார்க்குறது, ரெண்டும் சேர்ந்து பெரிய லாபம் இல்ல. அதையும் கேளுங்க.

நான் டாக்டர் இல்ல. மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க.

கரூர் வாசுகி, செப்டம்பர் 12

64.

பதினோரு மணிக்கு ஸ்டாஃப் ரூம்ல உக்காந்து பார்த்தேன். வேர்வை, நடுக்கம், கூடவே அதே குமட்டல். ரெண்டு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணில கரைச்சுக் குடிச்சதும் கால் மணி நேரத்துல நடுக்கம் போச்சு. குமட்டல் முழுசா போகல. ஆக ரெண்டும் கலந்துதான் இருந்திருக்கு. டாக்டருக்கு போன் பண்ணி, கிளிமிபிரைடு ராத்திரி வேளை நிறுத்தியாச்சு, காலைது 1 மி.கி. வில்டாகிளிப்டினும் நிறுத்தம். மெட்ஃபார்மினைத் தனியா எழுதிக் கொடுத்திருக்கார்.

எல்லாத்தையும் "ஊசி ஒத்துக்கல"ன்னு ஒரே மூட்டையா கட்டிட்டு நிறுத்தியிருப்பேன். நிறையப் பேர் அப்படித்தான் நிறுத்துறாங்கன்னு நினைக்கிறேன்.

ஜிம் மணி, செப்டம்பர் 12

நான் சுகருக்குப் போடல, எடைக்குத்தான். அதனால எனக்கு இந்த 64 கதையே கிடையாது. ஆனா குமட்டலுக்கு ஒரு வழி சொல்றேன். எண்ணெய், நெய் சுத்தமா கட். ஆவில வெச்சது, கஞ்சி, மோர். எனக்கு ரெண்டே வாரத்துல சரியாச்சு.

கரூர் வாசுகி, செப்டம்பர் 22

நேத்து 5-க்குப் போனேன். டோஸைப் பத்தி அப்புறம். கல்யாணக் கதையை முதல்ல சொல்லிடுறேன்.

போன வாரம் ஒரு முகூர்த்தம். 2.5 நாலாவது ஊசி போட்ட மறுநாள். பந்தில உக்காந்தா எந்திரிக்க விடமாட்டாங்க. பூரி, மசாலா தோசை, பொங்கல், மேல நெய், ஒரு ஜாங்கிரி. மரியாதைக்குக் கொஞ்சம் கொஞ்சமாதான் சாப்பிட்டேன். காலைல எட்டரைக்கு சாப்பிட்டது. ராத்திரி ஒன்பது மணிக்கு வாந்தி எடுத்தேன். அதுல பொங்கல்ல இருந்த மிளகு முழுசா இருந்துச்சு, முந்திரி துண்டும். மதியம் நான் வெறும் மோர்தான். பன்னெண்டு மணி நேரம் அந்தப் பொங்கல் அப்படியே உக்காந்திருக்கு.

அன்னைல இருந்து புரிஞ்சது, எனக்குப் பிரச்சினை சாப்பாட்டு வகையைவிட அளவுலயும் நேரத்துலயும்தான். ரெண்டு இட்லி போதும்னு வயிறு சொல்ற இடத்துல நிறுத்தினா குமட்டல் இல்ல. மூணாவது உள்ள போனா அன்னைக்கு முழுக்க அவஸ்தை. ராத்திரி ஏழுக்கு மேல எதுவும் வேணாம். தண்ணியை சாப்பாட்டோட சேர்த்துக் குடிச்சா மோசம், நடுவுல தனியா குடிச்சா பரவாயில்ல.

5 போட்டு ஒரு நாள்தான் ஆகுது. கம்பவுண்டர் ஐயா கணக்குப்படி இப்ப உள்ளே 6.5. பார்ப்போம்.

ஸ்காபரோ சிவா, செப்டம்பர் 24

அக்கா, நான் கனடாவில. செமாக்ளூடைட் போடுறன், எடைக்கு. இப்ப 1.7. எனக்கும் 0.5-இல இருந்து 1-க்கு ஏறேக்குள்ள இதே கூத்துத்தான். என்ர டொக்டர் ஒரு மாதம் கூடுதலா 0.5-இலயே விட்டவ. அட்டவணையில நாலு கிழமை எண்டு போட்டிருக்கிறது குறைஞ்ச பட்சம் மட்டும்தான், நாலு கிழமை முடிஞ்ச உடனே ஏறியே ஆகவேணும் எண்டு இல்லை எண்டு சொன்னவ.

ஜிம் மணி, செப்டம்பர் 24

சும்மா ஒரே டோஸ்ல உக்காந்தா எடை இறங்குறது நின்னுடும் அண்ணா. கம்பெனி ஆராய்ச்சில 15 மி.கி. போட்டவங்களுக்கு 72 வாரத்துல சராசரியா 20 சதவீதத்துக்கு மேல இறங்கியிருக்கு.

ஓய்வு கம்பவுண்டர், செப்டம்பர் 24

அதே ஆராய்ச்சில 5 மி.கி. போட்டவங்களுக்கும் 15 சதவீதம் இறங்கியிருக்கு தம்பி. மூணு மடங்கு மருந்துக்குக் கூடுதல் லாபம் அவ்வளவுதான். அது சிலருக்குத் தேவைப்படும், சிலருக்கு வேண்டாம். சுகரும் எடையும் இறங்கிட்டு இருக்கும்போது ஏத்த என்ன அவசரம்?

கரூர் வாசுகி, அக்டோபர் 12

அதைத்தான் நானும் டாக்டர்கிட்ட கேட்டேன். வெறும் வயித்துல 118 வருது, எடையும் இறங்குது. 7.5 எழுதப் போனார். ஐயா ஒரு மாசம் 5-லயே இருக்கேனேன்னேன். சரின்னுட்டார், சண்டை ஒண்ணும் இல்ல. கேட்டா கொடுக்குறாங்க, நாமதான் கேக்குறதில்ல. கிளிமிபிரைடும் முழுசா நிறுத்தியாச்சு.

ஆனா 5-ல குமட்டல் 2.5-ஐவிட மோசம். இப்ப மணி சொன்ன கஞ்சி, மோர்தான் வண்டியை ஓட்டுது. எண்ணெய் சட்டியை அடுப்புலயே ஏத்துறதில்ல. வீட்டுல எல்லாருக்கும் தண்டனை.

கரூர் வாசுகி, அக்டோபர் 24

தீபாவளிக்கு ஒரு குறும்பு பண்ணேன். ஞாயிறு 19-ம் தேதி போடவேண்டிய ஊசியைப் போடல. மறுநாள் தீபாவளி, அதிரசத்தைப் பார்த்துக் குமட்டிக்கிட்டு உக்காரணுமான்னு. புதன்கிழமை போட்டேன். இப்ப சந்தேகம்: இனி புதனா, ஞாயிறா?

ஓய்வு கம்பவுண்டர், அக்டோபர் 24

இந்த மருந்துக்கு 4 நாளுக்குள்ள ஞாபகம் வந்தா போட்டுக்கலாம். அதுக்கு மேல போச்சுன்னா அந்த வாரத்தை விட்டுட்டு அடுத்த முறை நாள்ல போடணும். நீங்க மூணாவது நாள் போட்டிருக்கீங்க, சரிதான். வர்ற ஞாயிறு வழக்கம்போலப் போடலாம். ஆனா நாலு நாள் இடைவெளியில ரெண்டு ஊசி, அதனால அடுத்த வாரம் குமட்டல் கொஞ்சம் தூக்கலா இருக்கும். அதைத் தாங்க முடியாதுன்னா புதனையே இனிமே நாளா வெச்சுக்கலாம்.

ரெண்டு மூணு வாரம் விட்டுப்போனா கதை வேற. அப்ப வயிறு பழகினதை மறந்துடும். பழைய டோஸ்லயே திரும்ப ஆரம்பிக்காம டாக்டர்கிட்ட கேளுங்க, பெரும்பாலும் கீழ இருந்து ஏறச் சொல்லுவாங்க.

ரவி தஞ்சை, அக்டோபர் 25

அதிரசம் எப்படி இருந்துச்சு?

கரூர் வாசுகி, அக்டோபர் 25

ஒண்ணே ஒண்ணு. அதுவும் பாதி. ஊசி போடலன்னாலும் முந்தின வாரத்து மருந்து உள்ளேதானே இருக்கும்! இதே இழைல படிச்சதுதான், நாக்கு கேக்குதா.

ஸ்காபரோ சிவா, அக்டோபர் 29

கொஞ்ச நாள் வரேல்லை. பித்தப்பையை எடுத்தாச்சு.

சொல்லுறன், ஆருக்கும் உதவும். செப்டம்பர் கடைசியில ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வலது பக்க விலா எலும்புக்குக் கீழ ஒரு வலி. மெல்லத் தொடங்கி ஏறி, ஏறின இடத்திலயே நிண்டுது. வலது தோள்பட்டைக்குப் பின்னாலயும் குத்தினது. ரெண்டு மணித்தியாலத்தில தானா விட்டிட்டுது. நான் அதை ஊசியின்ர குமட்டல் எண்டே நினைச்சுப் போட்டன். பிறகு திரும்பவும் வந்தது. மூண்டாம் முறை காய்ச்சலோட. ஸ்கேனில கல்லு, பித்தப்பை வீங்கியும் போச்சு.

ஒப்பரேசனுக்கு முன்னம் மயக்க மருந்து டொக்டர் கேட்ட முதல் கேள்வி, கடைசி ஊசி எப்ப போட்டனீர் எண்டு. வயித்தில சாப்பாடு தங்கியிருந்தா மயக்கத்தில அது மேல வந்து நுரையீரலுக்குள்ள போயிடும் எண்டு பயம். நான் எட்டு மணித்தியாலமா ஒண்டும் சாப்பிடேல்லை எண்டு சொன்னாலும் அவர் விடேல்லை, வயித்தை ஸ்கேன் பண்ணிப் பார்த்துத்தான் கூட்டிக்கொண்டு போனவர்.

ஜிம் மணி, அக்டோபர் 29

அண்ணா, உடம்பைப் பாருங்க. ஆனா அங்க சீஸ், பட்டர்னு சாப்பாடு அப்படி. கொழுப்பே சேர்க்கலன்னா பித்தப்பைக்கு வேலை இல்ல, கல்லும் வராது. நான் அதான் சொல்றேன், நெய் எண்ணெய் சுத்தமா கட்.

ஓய்வு கம்பவுண்டர், அக்டோபர் 30

மணி, இது நேர் தலைகீழ். வாசுகிம்மா, நீங்களும் கவனிங்க.

பித்தப்பை சுருங்கி பித்தத்தைக் குடலுக்குள்ள தள்ளணும்னா சாப்பாட்டுல கொஞ்சமாவது கொழுப்பு வரணும். வெறும் கஞ்சியா குடிச்சா அது சுருங்கறதுக்குக் காரணமே இல்ல, பித்தம் உள்ளேயே தேங்கும். இந்த மருந்துக்கும் பித்தப்பை சுருங்கறதை மந்தமாக்குற குணம் உண்டு. இன்னொரு பக்கம் உடம்புக் கொழுப்பு வேகமா கரையும்போது கல்லீரல் கூடுதலா கொலஸ்ட்ராலைப் பித்தத்துல விடும். தேங்கி நிக்கிற பித்தம், அதுல அளவுக்கு மீறிய கொலஸ்ட்ரால். கல்லு கட்ட இது போதும். வாரம் ஒண்ணரை கிலோவுக்கு மேல இறங்கினா ஆபத்து கூடுது. வயித்தைக் குறைக்கிற ஆபரேசன் பண்ணவங்களுக்கும் இதே பிரச்சினை உண்டு, அதனாலதான் அவங்களுக்குச் சில இடங்கள்ல பித்தம் கரைய மாத்திரையே கொடுப்பாங்க.

பயப்படவும் வேண்டாம். செமாக்ளூடைட் 2.4 போட்டுப் பார்த்த பெரிய ஆராய்ச்சில பித்தப்பைப் பிரச்சினை வந்தது 2.6 சதவீதம் பேருக்கு, ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத ஊசி போட்டவங்கள்ல 1.2. இரண்டு மடங்குன்னாலும் நூத்துல மூணு பேருக்குள்ளதான். சிவா தம்பி அந்த மூணுல மாட்டிக்கிட்டார்.

கரூர் வாசுகி, அக்டோபர் 30

நான் ஒரு மாசமா கஞ்சிதான். வாரம் ஒண்ணரை கிலோ சில வாரம் இறங்கியிருக்கு, பெருமையா சொல்லிக்கிட்டும் திரிஞ்சேன். மணி, உன் வழி குமட்டலுக்குச் சரிதான். மத்ததுக்கு இல்ல போல. இன்னைல இருந்து மதியம் சாதத்துல ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய், ராத்திரி ஒரு முட்டை.

நாகர்கோவில் ஜெபா, நவம்பர் 2

வேற ஒரு கேள்வி. என் தம்பிக்கு 31 வயசு. ஒல்லி, 52 கிலோ. சின்ன வயசுலயே அடிக்கடி வயித்து வலி வரும். இருபத்தஞ்சுல சுகர் வந்தது. எக்ஸ்ரேயில கணையத்துல கல்லு கல்லா தெரியுதுன்னாங்க. மது தொட்டதே இல்ல. இன்சுலின் போடுறான். ஒரு நாளைக்கு நாலு குத்து குத்துறதுக்கு வாரம் ஒண்ணு போட்டா என்னன்னு கேக்குறான். மெடிக்கல்லயும் கிடைக்கும்னாங்க.

ஓய்வு கம்பவுண்டர், நவம்பர் 2

வேண்டவே வேண்டாம். அவனுக்கு இருக்கிறது சாதாரணச் சுகர் இல்லம்மா. நம்ம பக்கத்துலயும் கேரளாவுலயும் இளவயசுல, குடிப்பழக்கமே இல்லாம, கணையத்துல கல்லு கட்டி வர்ற சுகர் ஒண்ணு இருக்கு. கேரளாவுல டாக்டர் கீவர்கீஸ் அதைப் பத்தி நிறைய ஆராய்ஞ்சு எழுதினவர், சென்னையில டாக்டர் மோகனும் ஆராய்ச்சி பண்ணியிருக்கார். அங்க கணையமே அழிஞ்சுக்கிட்டு வருது. இந்த ஊசி இருக்கிற கணையத்தைத் தூண்டி வேலை வாங்குற மருந்து, தூண்ட ஆள் இல்லாத இடத்துல அது என்ன பண்ணும்? கணைய அழற்சி ஏற்கெனவே வந்தவங்களை இந்த மருந்தோட ஆராய்ச்சிகள்லயே சேர்க்கல. ஏற்கெனவே ஒல்லியா இருக்கிறவனுக்குப் பசியை அடைச்சு எடையை இறக்குறது தனிக் கொடுமை. இன்சுலினை நிறுத்தினா உயிருக்கே ஆபத்து.

நாகர்கோவில் ஜெபா, நவம்பர் 2

அவன்கிட்ட இதை அப்படியே படிச்சுக் காட்டுறேன். நாலு குத்துதான் அவனுக்குக் கஷ்டம், அதுக்கு டாக்டர்கிட்ட வேற வழி கேக்கச் சொல்றேன்.

கரூர் வாசுகி, நவம்பர் 10

நேத்து ராத்திரி ஆஸ்பத்திரில.

பதினோரு மணிக்கு மேல வயித்துல வலி. நெஞ்சுக்குழிக்கு நேர் கீழ, கொஞ்சம் வலது பக்கம். குமட்டல் எனக்குப் பழகிப்போன ஒண்ணு, இது அது இல்லன்னு உடனே தெரிஞ்சுது. குமட்டல்னா வாந்தி எடுத்தா லேசாகும். இதுல வாந்தி எடுத்தும் வலி அசையல. சிவா எழுதினதை போன்ல திரும்பப் படிச்சுட்டு வீட்டுக்காரரை எழுப்பினேன். கிளம்பி வண்டில ஏறும்போதே பாதி குறைஞ்சுடுச்சு, திரும்பிடலாமான்னேன். அவர் விடல.

ரத்தப் பரிசோதனைல லிபேஸ்ங்கிற கணைய நொதி 118. அந்த லேப்ல 60 வரைக்கும் சரின்னு அளவு. நான் நடுங்கிட்டேன், கணையம் போச்சுன்னு. டியூட்டி டாக்டர் சின்னப் பொண்ணு, பொறுமையா சொன்னா: மூணு மடங்கு தாண்டினாதான் கணையம்னு யோசிப்போம், உங்களுக்கு 180 தாண்டல. ஊசி போடுறவங்களுக்கு வலியே இல்லாம லிபேஸ் கொஞ்சம் ஏறி இருக்கிறதும் உண்டு. ஸ்கேன்ல கணையம் நல்லா இருக்கு. பித்தப்பைல கல்லு இல்ல, ஆனா அரிசி கழுவின தண்ணில அடில நிக்கிற மாவு மாதிரி ஒரு படலம், சாஞ்சு படுத்தா நகருது. கல்லுக்கு முந்தின கட்டமாம். காய்ச்சல் இல்ல, கண்ணு மஞ்சள் இல்ல, அதனால அனுப்பிட்டாங்க. இந்த வாரம் ஊசி வேணாம்.

ஜிம் மணி, நவம்பர் 10

அக்கா, சாரி. அந்தக் கஞ்சி ஐடியா நான்தான் கொடுத்தேன். நானும் போய் இன்னைக்கு லிபேஸ் எடுத்தேன். 71. இனி மாசாமாசம் எடுத்துடலாம்னு இருக்கேன்.

ஓய்வு கம்பவுண்டர், நவம்பர் 11

வலி இல்லாதவன் மாசாமாசம் லிபேஸ் பார்த்து ஒரு பிரயோசனமும் இல்ல மணி. அது கொஞ்சம் ஏறினதை வெச்சு யாருக்கு அழற்சி வரும்னு சொல்ல முடியாது. வீணா பயந்து நல்லா வேலை செய்யிற மருந்தை நிறுத்துவே. பாக்கணும்னா ஒரு தடவை டிரைகிளிசரைடு பாரு, அது ஆயிரத்தைத் தொட்டா கணையத்துக்கு உண்மையான ஆபத்து. அப்புறம் சனிக்கிழமை பார்ட்டில குடிக்கிறதைப் பத்தியும் யோசி.

வாசுகிம்மா, திரும்பாம போனது நல்லது. கணைய வலி எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்குங்க: மேல்வயித்துல விடாம நிக்கும், நேரா முதுகுக்கு ஊடுருவும், மல்லாந்து படுக்க முடியாது, முன்னால குனிஞ்சு உக்காந்தா கொஞ்சம் தேவலாம். பித்தப்பை வலி சில மணி நேரத்துல விடும், இது விடாது. அப்படி வந்தா விடியட்டும்னு பார்க்கக் கூடாது. அழற்சின்னு உறுதியானா இந்த ஊசியைத் திரும்பத் தொடவும் கூடாது.

ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சொந்தம்தான். பித்தக்குழாயும் கணையக்குழாயும் குடலுக்குள்ள திறக்கிற வாசல் ஒண்ணு. பித்தப்பைல இருந்து ஒரு சின்னக் கல்லோ கசடோ அங்க போய் அடைச்சா கணையம் வீங்கும். கணைய அழற்சிக்குப் பொதுவாவே பெரிய காரணம் மதுவும் பித்தக் கல்லும்தான். அதனால உங்க விஷயத்துல "கல்லு இல்ல, வெறும் கசடு"ன்னு அசால்ட்டா விட முடியாது.

ஸ்காபரோ சிவா, நவம்பர் 12

அக்கா, என்னைக் கேட்டா எடுத்துப் போடுங்கோ. நான் ரெண்டு தரம் சும்மா விட்டதாலதான் காய்ச்சலோட அவசர ஒப்பரேசன் ஆனது. இப்ப ஊசியைத் திரும்பவும் தொடங்கியாச்சு, பித்தப்பை இல்லாம ஒரு கரைச்சலும் இல்லை. ஆனா 0.25-இல இருந்து முதல்ல இருந்து ஏற வேண்டியதாப் போச்சு.

ஓய்வு கம்பவுண்டர், நவம்பர் 12

ஒரே ஒரு தடவை வலி, கல்லும் இல்ல. எடை இறங்குற வேகம் குறைஞ்சா கசடு தானா கரையுறதும் உண்டு. நான் இருந்தா கொஞ்ச நாள் பொறுப்பேன். ஆனா அறுவை சிகிச்சை டாக்டர் ஒருத்தரையும் பார்த்துடுங்க, அவர் கையால வயித்தை அமுக்கிப் பார்க்குறது நாம இங்க எழுதுறதைவிட மேல்.

கரூர் வாசுகி, நவம்பர் 24

ரெண்டு டாக்டர், ரெண்டு பதில். அறுவை சிகிச்சைக்காரர், இன்னொரு தடவை வலி வந்தா எடுத்துடலாம்கிறார். சுகர் டாக்டர், ஊசியையே நிறுத்திட்டு வேற மாத்திரைக்குப் போகலாம்கிறார். நிறுத்தினா எடையும் சுகரும் திரும்பும்னு அவரே சொல்றார். கடைசில நடுவுல ஒரு ஏற்பாடு: 2.5-க்கு இறங்கி, எடை மாசத்துக்கு ரெண்டு கிலோவுக்கு மேல இறங்காமப் பார்த்துக்கிட்டு, ஜனவரில திரும்ப ஸ்கேன். 2.5 சுகருக்கான டோஸ் இல்லன்னு ஐயா மொதல்லயே சொன்னார், அது சரிதான், வெறும் வயித்துல 140-க்குப் போயிடுச்சு. அதுக்கு மெட்ஃபார்மின் ஏத்தியிருக்கார்.

எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்ல. 5-ல சுகர் அவ்வளவு அழகா இருந்துச்சு. எண்ணெயைச் சேர்த்துக்கிட்டு, மெதுவா, 5-லயே இருந்திருக்கலாமோன்னு ராத்திரி தோணுது. காலைல அந்த வலியை நினைச்சா இது போதும்னு தோணுது.

ஜிம் மணி, நவம்பர் 25

அக்கா, டிரைகிளிசரைடு வந்துடுச்சு. 412. இது ஓகேவா?

ஓய்வு கம்பவுண்டர், நவம்பர் 25

ஓகே இல்ல. ஆயிரம் இல்லன்னு சந்தோஷப்படு, ஆனா மதுவை நிறுத்திட்டு, பன்னெண்டு மணி நேரம் பட்டினி இருந்து இன்னொரு தடவை எடு. அந்த ரிப்போர்ட்டை டாக்டர்கிட்ட காட்டாம 7.5-க்கு ஏறாதே.